48 சதவீதம் என்று எழுதும் முன்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் மேசைக்குப் போகும் ஆய்வுக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சிஇஓ அதைப் படிக்க ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்ணில் படுவது ஒரு சதவீதம். மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலர்கள் கூட்டத்தில் அவர் சொல்லப்போவதும் அதையேதான். ஆகவே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பு சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான குறிப்புகளில் அது இருக்கிறது, ஆனால் தவறாக இருக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்து ஒன்றியங்கள் உள்ள ஒரு மாவட்டம். அங்கே குலுக்கலில் தேர்வான 40 தொடக்கப் பள்ளிகள், பள்ளிக்கு 15 பேர் வீதம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 600 பேர். ஒரு சிறு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்களா என்று ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறோம். 288 பேர் வாசித்தார்கள். 48 சதவீதம்.

இணையத்தில் கிடைக்கும் எந்தக் கணிப்பானில் 48, 600 என்று போட்டாலும் பிழை வரம்பு 4 என்று வரும். அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். தவறு இங்கேதான் நுழைகிறது. அந்த 4, மாவட்டத்திலுள்ள எல்லாக் குழந்தைகளின் பெயரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கி 600 சீட்டு எடுத்திருந்தால் மட்டுமே பொருந்தும். நாம் குலுக்கியது பள்ளிகளை. ஒரே பள்ளியின் 15 குழந்தைகளுக்கும் ஆசிரியர் ஒருவர், ஊர் ஒன்று. நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் 15 பேரில் 12 பேர் வாசிப்பார்கள். ஆசிரியர் பணியிடம் பல மாதம் காலியாகக் கிடந்த பள்ளியில் மூன்று பேர் வாசிப்பார்கள். முதல் ஐந்து குழந்தைகளைக் கேட்டதுமே மீதிப் பத்துப் பேர் எப்படி வாசிப்பார்கள் என்று பாதி தெரிந்துவிடுகிறது. அதனால் 600 பேரிடம் கேட்டாலும் கிடைக்கும் தகவல் 600 பேர் அளவுக்கு இல்லை.

இதற்குச் சூத்திரங்கள் உண்டு. அலுவலகத்தில் எக்செல் போதும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வரி போட்டு, அந்தப் பள்ளியில் வாசித்தவர்களின் சதவீதத்தை C நிரலில் எழுதுங்கள். 40 வரிகள். பிறகு:

```
=2*STDEV.S(C2:C41)/SQRT(40)
```

நம் எடுத்துக்காட்டில் பள்ளிகளுக்கு இடையிலான திட்ட விலக்கம் 25 என்று வைத்துக்கொண்டால் விடை 8. கணிப்பான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. 48 என்பது உண்மையில் 40 முதல் 56 வரை. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்போடு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பள்ளியிலும் ஒரே எண்ணிக்கையில் குழந்தைகளைச் சோதித்திருந்தால்தான் இந்தச் சுருக்கு வழி செல்லும். மூன்றாம் வகுப்பில் ஆறேழு குழந்தைகளே உள்ள பள்ளிகள் நம் கிராமங்களில் ஏராளம். அவற்றைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்து ஒரே அலகாக்கி, தேர்வு செய்யும் முன்பே பட்டியலில் அப்படி எழுதிவிட வேண்டும். களத்துக்குப் போன பிறகு சேர்த்தால் கணக்கு குலைந்துவிடும்.

குறிப்பில் எண்ணை எழுதும் விதமும் கவனிக்க வேண்டியது. 47.8 என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். வரம்பே எட்டுப் புள்ளி இருக்கும்போது அந்தத் தசமம், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது. ± குறியும் பலருக்குப் பழக்கமில்லை. “மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் சுமார் 48 சதவீதத்தினர் பத்தியை வாசிக்கிறார்கள், உண்மை அளவு 40-க்கும் 56-க்கும் இடையில் இருக்கலாம்” என்று வாக்கியமாகவே எழுதலாம். 95 சதவீத நம்பிக்கை அளவு என்பதை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “போன வருடத்தை விட ஏறியிருக்கிறதா?” போன ஆண்டு இதே முறையில் வேறு 40 பள்ளிகளில் 43 சதவீதம் வந்தது என்று கொள்வோம். ஐந்து சதவீதப் புள்ளி உயர்வு. (ஐந்து சதவீதம் உயர்வு என்று எழுதினால் பொருளே மாறிவிடும், 43-இல் ஐந்து சதவீதம் என்பது இரண்டு புள்ளிதான்.) இரண்டு ஆண்டுக்கும் வரம்பு 8 என்றால், வித்தியாசத்தின் வரம்பு 8-இன் வர்க்கத்தையும் 8-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் 11. ஐந்து அதற்குள் அடங்கிவிடுகிறது. “உயர்ந்திருக்கலாம், இந்த ஆய்வால் உறுதி சொல்ல முடியாது” என்பதே நேர்மையான வரி. “மாற்றம் இல்லை” என்று எழுதுவதும் பிழை. தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

ஒன்றியவாரியாகத் தரவரிசை கேட்பார்கள். நம் ஆய்வில் ஒன்றியத்துக்கு நான்கு பள்ளிகள்தான் இருக்கின்றன. அதே 25-ஐ நான்கின் வர்க்கமூலத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் வரம்பு 25 புள்ளி. நான்கே பள்ளி என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள இடைவெளி முழுவதும் குலுக்கலின் விளைவாகவே இருக்கக்கூடும். கடைசியில் வந்த ஒன்றியத்தின் பிஇஓ கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிவரும், நான்கு பள்ளிகளின் பேரில். அந்த அட்டவணையைப் பின்னிணைப்பில்கூட வைக்கக் கூடாது; வைத்தால் அது மட்டும் தனியாகப் பிரிந்து வாட்ஸ்அப்பில் போகும். வெறுமனே மறுக்காமல் விலையைச் சொல்லுங்கள்: ஒன்றியத்துக்குப் பத்துப் புள்ளி வரம்பு வேண்டுமானால் 25 பள்ளிகள் வேண்டும், மாவட்டத்துக்கு 250. அதற்கு ஆசிரியப் பயிற்றுநர்களை எத்தனை நாள் விடுவிக்க முடியும் என்பதை அலுவலகம் முடிவு செய்யட்டும்.

இதே 40 பள்ளிகளால் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு. பெண் குழந்தைகள் 52, ஆண் குழந்தைகள் 44 என்று வந்தால், இரண்டுக்கும் தனித்தனியாக வரம்பு போட்டு “ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, வித்தியாசம் இல்லை” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இருவரும் ஒரே பள்ளியில் படிப்பவர்கள். பள்ளிக்குப் பள்ளி உள்ள ஏற்றத்தாழ்வு இரு பக்கமும் சமமாக விழுந்து கழிந்துவிடும். ஒவ்வொரு பள்ளியிலும் பெண் சதவீதத்தில் இருந்து ஆண் சதவீதத்தைக் கழித்து D நிரலில் போட்டு, அதே சூத்திரத்தை அங்கே ஓட்டுங்கள். திட்ட விலக்கம் 23 என்றால் வரம்பு 7. எட்டுப் புள்ளி வித்தியாசம், 1 முதல் 15 வரை. அளவு துல்லியமாகத் தெரியாது, ஆனால் ஆண் குழந்தைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதைக் குறிப்பில் எழுதலாம்.

வரம்புக்குள் அடங்காத ஒரு பிழையும் உண்டு: வராத குழந்தைகள். தேர்வான 600 பேரில் 90 பேர் அன்று பள்ளிக்கு வரவில்லை. பட்டியலில் அடுத்த பெயரை எடுத்து 15-ஐ நிரப்பினார்கள் என்று வைப்போம். சில இடங்களில் “இவனைக் கேளுங்க சார்” என்று தலைமை ஆசிரியரே ஒரு பிள்ளையை முன்னால் தள்ளுவதும் நடக்கும். அடிக்கடி விடுப்பு எடுக்கும் குழந்தைகள்தான் வாசிப்பிலும் தடுமாறுபவர்கள். வராத 90 பேரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்று கொண்டால் 48 என்பது 41 ஆகிவிடும். இந்தப் பிழை ஒரே பக்கம் சாய்வது. பள்ளிகளை இரட்டிப்பாக்கினாலும் குறையாது. அதனால் எண்ணுக்கு அடுத்த வரியிலேயே இதையும் எழுத வேண்டும்: “தேர்வான 600 பேரில் 90 பேர் அன்று வரவில்லை, அவர்களுக்குப் பதில் வேறு குழந்தைகள் சோதிக்கப்பட்டார்கள், உண்மை அளவு 48-ஐ விடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.”