நாற்பது நிமிடத்துக்கு ஒரு நாள் வாடகை

எங்கள் கோயம்புத்தூர் பட்டறைக்குச் சீனாவிலிருந்து ஒரு இயந்திரம் தூத்துக்குடி வழியாக வந்தது. இருபதடி கண்டெய்னர் ஒன்றுதான். திங்கட்கிழமை கப்பலிலிருந்து இறங்கி, துறைமுகத்துக்கு வெளியே, சுங்க வேலை முடியும் வரை கண்டெய்னர்களை வைக்கும் சிஎஃப்எஸ் யார்டுக்குப் போய்விட்டது. சுங்கத்துறைக்குத் தர வேண்டிய இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முன்பே போட்டிருந்ததால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று நம்பினேன்.

சிக்கல் பணத்தில் வந்தது. மீதித் தொகை கைக்கு வந்தால்தான், சரக்கை எடுக்கும் உரிமைக்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கைக் கப்பல் கம்பெனியிடம் சரண்டர் செய்வேன் என்று விற்றவர் சொல்லியிருந்தார். நான் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினேன். நடுவில் சனி, ஞாயிறு. அவருக்குப் பணம் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. அவர் சரண்டர் செய்து, சரக்கை எங்களிடம் விடச் சொல்லும் டெலிவரி ஆர்டரைக் கப்பல் கம்பெனி கொடுத்தபோது வியாழன் ஆகிவிட்டது. அதாவது கண்டெய்னர் இறங்கிய பதினோராவது நாள்.

அதுவரை, சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்டும் டெமரேஜ் என்பது ஒரே கட்டணம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டு மீட்டர்கள் ஓடுகின்றன. யார்டு தன் இடத்துக்கு வாடகை கேட்கிறது. கப்பல் கம்பெனி தன் கண்டெய்னர் பெட்டிக்கு டாலரில் கேட்கிறது, அதற்கு டிடென்ஷன் என்று பெயர். யார்டில் எனக்கு மூன்று நாள் இலவசம், பெட்டிக்கு ஏழு நாள். ஞாயிறும் விடுமுறையும் இரண்டிலும் கணக்கில் சேரும்.

யார்டு பில்லில் நான்காம் நாள் முதல் ஒரு வாரத்துக்குத் தினம் 900 ரூபாய், அதன்பின் 1,500. பெட்டிக்கு எட்டாம் நாள் முதல் ஐந்து நாள் தினம் 25 டாலர், அப்புறம் 50. நாள் ஆக ஆக ஏன் ஏறுகிறது என்று கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டேன். "ஒரே ரேட்டா வச்சா, வெளியில குடோன் பிடிக்கிறதைவிட இதுவே மலிவுன்னு சரக்கை இங்கயே போட்டு வச்சிருவாங்க சார். அடுத்த கப்பல் சரக்குக்கு இடம் வேணும், கம்பெனிக்கும் பெட்டி திரும்ப வேணும்" என்றார்.

வெள்ளியன்று சுங்கப் பரிசோதனை முடிந்தது. சனிக்கிழமை யார்டு பில்லைக் கட்டினோம். அதில் 'செல்லுபடி: இன்று வரை' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. டிரெய்லர் வரிசையில் நின்று கேட்டைத் தொட்டபோது மணி இரவு 12.40. பில்லில் இருந்த தேதியை விரலால் காட்டி, இன்னொரு நாளுக்குக் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டுத்தான் வண்டி வெளியே வந்தது.

ஆக யார்டுக்குப் பதினோரு நாள், 12,300 ரூபாய். வண்டி போனதும் கணக்கு முடிந்துவிடவில்லை. காலிப் பெட்டி திரும்பிப் போய்ச் சேரும் வரை டிடென்ஷன் ஓடும். செவ்வாய்க்கிழமைதான் ஒப்படைத்தோம், ஒன்பது நாளுக்கு 325 டாலர். இரண்டுக்கும் மேல் 18% ஜிஎஸ்டி.

சுங்கத்துறையே சரக்கைத் தடுத்து வைத்திருந்தால், 2009ஆம் ஆண்டு விதிப்படி அந்த நாட்களுக்கு யார்டு வாடகை வாங்கக்கூடாது. என் தாமதம் அந்த வகையில் வராது. அடுத்த சரக்குக்கு, கப்பலில் புக் செய்யும்போதே பெட்டிக்குப் பதினான்கு இலவச நாள் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டேன். மீதிப் பணத்தையும் கப்பல் அங்கே கிளம்பிய அன்றே அனுப்பினேன்.