பழனிக்கு முதலில் வந்த 180

திருச்சியில் லாரி புக்கிங் அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் வேலை என்னுடையது. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊர்களுக்கு மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா முறையைப் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான். அதில் நான் அதிக நேரம் செலவிடுவது ஒரே இடத்தில். ஓர் ஊரின் தூரம் கண்ணில் படுவது வேறு, அந்தத் தூரம் உறுதியாவது வேறு.

ஒருமுறை எங்கள் சோதனைப் பதிப்பு பழனி சரக்கைக் கரூர் வழியாக அனுப்பச் சொன்னது. பார்த்த டிரைவர் அண்ணன் கேட்டார்: "பழனிக்கு எதுக்கு சார் கரூர் போகணும்? திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு நேரா போயிடலாமே." அவர் சொன்னது சரி. நிரல், பழனியை முதன்முதலாகப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

அந்த வரைபடத்தைச் சுருக்கி, தூரங்களை முழு எண்களாக்கித் தருகிறேன் (கி.மீ.). திருச்சி–கரூர் 80, திருச்சி–திண்டுக்கல் 100, திருச்சி–மதுரை 135, கரூர்–திண்டுக்கல் 75, கரூர்–பழனி 100, கரூர்–கோவை 130, திண்டுக்கல்–மதுரை 65, திண்டுக்கல்–பழனி 60, பழனி–கோவை 110.

திருச்சிக்கு 0, மற்ற ஊர்களுக்கு முடிவிலி என்று தொடங்குகிறோம். இன்னும் உறுதியாகாத ஊர்களில் எதன் தூரம் மிகக் குறைவோ அதை எடுத்து உறுதி செய்கிறோம். அங்கிருந்து போகும் சாலைகளால் அண்டை ஊர்களின் தூரம் குறைகிறதா என்று பார்க்கிறோம்.

| உறுதியாகும் ஊர் | கரூர் | திண்டுக்கல் | மதுரை | பழனி | கோவை |
|---|---|---|---|---|---|
| திருச்சி (0) | 80 | 100 | 135 | ∞ | ∞ |
| கரூர் | 80 | 100 | 135 | 180 | 210 |
| திண்டுக்கல் | 80 | 100 | 135 | 160 | 210 |
| மதுரை | 80 | 100 | 135 | 160 | 210 |
| பழனி | 80 | 100 | 135 | 160 | 210 |
| கோவை | 80 | 100 | 135 | 160 | 210 |

பழனிக்கு உரிய நெடுவரிசையைப் பாருங்கள். கரூரை உறுதி செய்தபோது 180 வந்தது. அடுத்த வரியிலேயே திண்டுக்கல் அதை 160 ஆக்கியது. ஆகவே நிற்க வேண்டிய இடம், தூரம் குறைந்த ஊரை முதலில் எடுத்துத் தரும் ஹீப் என்ற பட்டியலிலிருந்து பழனி வெளியே வரும்போதுதான்:

```python
while heap:
    d, u = heappop(heap)
    if u in settled:
        continue
    settled.add(u)
    if u == target:
        break
    for v, w in graph[u]:
        if d + w < dist[v]:
            dist[v] = d + w
            heappush(heap, (d + w, v))
```

பழனியின் பழைய 180 ஹீப்பிலேயே கிடக்கும். தேடி நீக்க வேண்டியதில்லை. இலக்கு கோவையாக இருந்து அது பின்னால் வெளியே வந்தாலும், `settled` சோதனை அதைத் தள்ளிவிடும்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் யோசித்தார். ஆர்மாக் என்ற கணினியின் திறனை மக்களுக்குக் காட்ட நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்துச் செய்து காட்டினார். காகிதமும் பென்சிலும் இல்லாமல் யோசித்ததால்தான் இவ்வளவு எளிமையாக வந்தது என்று பின்னாளில் சொன்னார். எனக்கும் அந்த எளிமைதான் பிடித்தது. ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: எந்தச் சாலையின் எடையும், அதாவது கணக்கில் அதற்குத் தரும் தூரமோ செலவோ, சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது. திண்டுக்கல் 100-இல் உறுதியாகும்போது மிச்சமிருக்கும் ஊர்கள் எல்லாம் 100-ஓ அதற்கு மேலோ. அவை வழியாகச் சுற்றி வந்தால் தூரம் கூடுமே தவிரக் குறையாது என்பதால்தான் அதைப் பூட்டிவிடத் துணிகிறோம்.

லாரித் தொழிலில் இந்த நிபந்தனை மீறப்படும் இடம் ரிட்டர்ன் லோடு. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஏற்றிவரும் சரக்கின் வாடகை 115 கி.மீ. ஓட்டும் செலவுக்கு ஈடு என்று வைத்துக்கொள்வோம். வழிச்செலவு 65 போக அந்தச் சாலையின் எடை −50. இப்போது மதுரை வழியாகத் திண்டுக்கல்லுக்கு 135 − 50 = 85 தான். ஆனால் மதுரை வெளியே வருவதற்குள் திண்டுக்கல் 100 என்று பூட்டப்பட்டுவிட்டது. `dist`-இல் 85 எழுதப்படும், ஆனால் பூட்டிய ஊரிலிருந்து போகும் சாலைகள் மறுபடி பார்க்கப்படாது. அதனால் பழனி மட்டும் 160-லேயே நிற்கும், சரியான விடை 145.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை ஒரு வரிதான். `break` இல்லாமல் முழுவதும் ஓடவிட்டு, ஒவ்வொரு சாலைக்கும் `dist[u] + w >= dist[v]` என்று பார்ப்பது. இங்கே 85 + 60 = 145, அது 160-ஐ விடக் குறைவு என்பதால் உடனே பிடிபடும்.

எல்லாச் சாலைகளிலும் 50 கூட்டி எதிர்மத்தை நீக்கிவிடலாமே என்று ஒவ்வொரு அணியிலும் யாராவது கேட்பார்கள். கூட்டினால் திருச்சி–திண்டுக்கல் நேர்வழி 150, மதுரை வழி 185 + 0 = 185. நேர்வழி மலிவு என்று தப்பான விடை வருகிறது. சாலைகள் அதிகமுள்ள வழி அதிக அபராதம் கட்டுகிறது, அதுதான் காரணம்.

ரிட்டர்ன் லோடு கணக்குக்கு நாங்கள் எதிர்ம எடையையும் தாங்கும் பெல்மன்–ஃபோர்டு முறையை வைத்திருக்கிறோம். ஆறு ஊருக்கு எல்லாச் சாலைகளையும் ஐந்து சுற்று பார்த்தால் போதும். ஆறாவது சுற்றிலும் ஏதாவது குறைந்தால், சுற்றச் சுற்ற லாபம் தரும் வளையம் இருக்கிறது என்று பொருள். வாடகை 140 என்று பதிவானால் மதுரை–திண்டுக்கல் −75, திரும்ப 65, ஒரு சுற்றுக்கு −10. ஒரு நாளைக்கு ஒரு லோடுதான் இருக்கும் என்பது வரைபடத்துக்குத் தெரியாது. அப்படி வந்தால் அந்த லோடை எடையிலிருந்து எடுத்துவிட்டு, தனி டிரிப்பாகப் பதிவு செய்கிறோம்.