வீட்டு அழைப்பில் கேட்ட குரல் நேர்காணலில் கேட்கவில்லை

சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்புப் பணிக்கான நேர்காணலை நிலாவெளியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் செய்ய ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை கனடாவில் இருக்கும் தங்கையுடன் அதே கணினியில் கால் மணி நேரம் பேசினேன். என் குரல் தெளிவாகக் கேட்பதாக அவள் சொன்னாள். பத்து மணிக்கு நேர்காணலின் இணைப்பை உலாவியில் திறந்தபோது, அவர்களின் குரல் எனக்குக் கேட்டது, என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. மைக்கைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று பக்கம் சொன்னது. இருபது நிமிடம் கையசைத்தும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டும் கழிந்த பின், வேறொரு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் அழைப்பை முடித்துக்கொண்டார்கள். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு அது. அன்றைய மனநிலையை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் பேருந்தில் திருகோணமலை நகருக்குக் கணினியைக் கொண்டுபோனேன். பழுதுபார்க்கும் கடையில் இருந்த தம்பி ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "சவுண்ட் காட் போயிட்டுது அக்கா, போட் மாத்த வேணும்" என்றார். தங்கையுடன் பேசும் செயலியில் மைக் வேலை செய்கிறதே என்று நான் கேட்டதற்கு, அது சில நேரம் அப்படித்தான் இருக்கும் என்றார். பரிசோதனைக் கூலியாக 1,500 ரூபாயை வாங்கிக்கொண்டார். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டு திரும்பியதுதான் எனக்கு இன்றும் வருத்தம். ஒரு செயலியில் குரல் ஒழுங்காகப் போகிறது என்றால், அந்தச் செயலி பயன்படுத்தும் மைக்கும் அதை இயக்கும் மென்பொருளும் நலமாக இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று. கோளாறு அவற்றுக்கு மேலே, அனுமதியிலோ எந்த மைக் தெரிவாகியிருக்கிறது என்பதிலோதான் இருக்க முடியும். போட் மாற்றும்படி யாராவது சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்.

உண்மையில் உதவியவள் என் அண்ணன் மகள். கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் அவள், அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமி, வேலை செய்யிற செயலி ஸ்டோரில இருந்து போட்டதா?" என்பது. ஆம், அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவியதுதான். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் 11 மைக் அனுமதியை இரண்டு தனித்தனி வாசல்களில் காக்கிறது. Settings திறந்து Privacy & security, அதற்குள் Microphone என்று போனால், மேலே Let apps access your microphone என்ற பொத்தானும், அதன் கீழ் ஸ்டோர் செயலிகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொத்தானும் இருக்கும். அந்தப் பட்டியல் முடிந்த பிறகு, பெரும்பாலானோர் உருட்டிப் போகாத இடத்தில், Let desktop apps access your microphone என்று இன்னொன்று இருக்கும். உலாவி உட்பட, இணையத்திலிருந்து இறக்கி நிறுவிய மரபான மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பொத்தான்தான். தனித்தனியாக அனுமதிக்க வழியில்லை. என் கணினியில் மேலே இருந்தவை எல்லாம் திறந்திருந்தன. கடைசிப் பொத்தான் மூடியிருந்தது.

அதை மூடியது நானேதான். சில மாதங்களுக்கு முன், மைக் வழியாக யாராவது ஒட்டுக்கேட்கலாம் என்று படித்த எச்சரிக்கைக்குப் பயந்து மூடினேன். பிறகு மறந்தும் போனேன். என்னைக் குழப்பியது என்னவென்றால், உலாவியின் முகவரிப்பட்டையின் இடப்பக்க அடையாளத்தை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி தரப்பட்டிருப்பதாகவே காட்டியது. அது உலாவி தளத்துக்குத் தந்த அனுமதி மட்டுமே. விண்டோஸ் உலாவிக்கே மைக்கைத் தராதபோது, உலாவி தளத்துக்குத் தந்த அனுமதியால் பயனில்லை. அந்த அமைப்புப் பக்கத்திலேயே ஒரு தடயமும் உண்டு. கடைசிப் பொத்தானின் கீழ், மைக்கைப் பயன்படுத்திய மென்பொருள்களின் பெயரும் கடைசியாகப் பயன்படுத்திய நாளும் நேரமும் வரும். என் உலாவிக்கு எதிரே மாதக்கணக்கில் பழைய தேதி இருந்தது.

பொத்தானைத் திறந்து, உலாவியை முழுதாக மூடி மீண்டும் திறந்தோம். அனுமதி இல்லை என்ற வரி போய்விட்டது. ஆனால் பேசினால் ஒலியளவுக் கோடு அசையவே இல்லை! இந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. செய்தி மாறியிருக்கிறது, ஆகவே ஒரு தடை விலகி இன்னொன்று தெரிகிறது என்று மருமகள் சொன்னாள். அவள் விண்டோஸ் விசையுடன் R விசையை அழுத்தி, வந்த சிறு கட்டத்தில் இதைத் தட்டினாள்:

```
mmsys.cpl
```

பழைய ஒலி அமைப்புப் பெட்டி திறந்தது. அதில் Recording என்ற பகுதியில் இரண்டு மைக்குகள் இருந்தன. ஒன்று கணினியிலேயே உள்ளது. பச்சை வட்டத்துள் சரி அடையாளத்துடன் Default Device என்று இருந்தது. மற்றது, இரண்டு வருடங்களாகச் செருகியே இருக்கும் யூஎஸ்பி வெப்கேமராவின் மைக். அதன் மேல் பச்சைத் தொலைபேசி அடையாளம், பக்கத்தில் Default Communications Device. நான் பேசியபோது முதலாவதன் அருகில் உள்ள கோடுகள் பச்சையாக எழுந்தன, இரண்டாவது அசையாமல் கிடந்தது. அந்தக் கேமராவின் படம் நன்றாகத்தான் வருகிறது, மைக் மட்டும் எப்போதோ செத்திருக்கிறது.

பொதுவான ஒலிப்பதிவுக்கு ஒரு மைக், அழைப்புகளுக்கு ஒரு மைக் என்று விண்டோஸ் இரண்டு இயல்புநிலைகளை வைத்திருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நேர்காணல் பக்கத்தின் மைக் தெரிவில் Communications என்று தொடங்கும் வரி தெரிவாகியிருந்ததால், அது செத்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கையுடன் பேசும் செயலியிலோ, கணினியின் மைக்கைப் பெயர் சொல்லி நான் முன்பே தெரிவு செய்திருந்தேன். கணினியின் மைக் மேல் வலச்சொடுக்கி Set as Default Communication Device என்பதைத் தெரிவு செய்ததும் கோடு எழுந்தது. அதோடு நிற்காமல், கூட்டப் பக்கத்திலும் Default, Communications என்ற பொதுப் பெயர்களை விட்டு, மைக்கின் சொந்தப் பெயரையே தெரிவு செய்து வையுங்கள். குரோமில் இதற்கு மேல் ஓர் இடமும் உண்டு: chrome://settings/content/microphone என்ற பக்கத்தின் மேலே உள்ள பட்டியலில் தவறான மைக் இருந்தால், புதிதாக அனுமதி பெறும் தளமும் அதையே பிடித்துக்கொள்ளும்.

Recording பகுதியில் எந்த மைக்குக்குமே பச்சைக் கோடு எழவில்லை, வேறு எந்தச் செயலியிலும் குரல் போகவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போவதைப் பற்றி யோசியுங்கள்.

நேர்காணலை அவர்கள் மறுவாரம் வைத்தார்கள். அரை மணி நேரம் முன்னதாகவே, நேர்காணல் நடக்கவிருந்த அதே உலாவியில் ஒரு வெற்றுக் கூட்டத்தைத் திறந்து, என் கைப்பேசியிலிருந்து அதில் இணைந்து, அடுத்த அறையில் மருமகளை வைத்து என் குரலைக் கேட்கச் செய்தேன். வெப்கேமராவைக் கழற்றவில்லை, படம் அதிலிருந்துதான் போனது. அதன் மைக்கை மட்டும் Recording பகுதியில் வலச்சொடுக்கி Disable செய்துவிட்டேன். அப்படிச் செய்யாமல் விட்டால், அது ஒரு நாள் மீண்டும் அழைப்புகளுக்குரிய மைக்காகத் தன்னை ஆக்கிக்கொள்ளக்கூடும். அன்று நாற்பது நிமிடம் பேசினோம், ஒரு தடவைகூட "கேட்கவில்லை" என்று யாரும் சொல்லவில்லை.