திரையில் பார்த்த பிரீமியம் வேறு, கட்டிய பிரீமியம் வேறு

போன நவம்பரில் எனக்கு 39 பிறந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே என் டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட வயதுக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் என் பெயரில் இருக்கும் ஒற்றை இனிஷியல்.

ஆதாரில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. பான் அட்டையில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து நிற்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர் இரண்டும் ஒருவர்தானா என்று கேட்டு நிறுத்திவிட்டார். இரண்டும் நானே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஸ்கேன் தெளிவாக இல்லை என்று அதைத் திருப்பினார்கள். கிளை அலுவலகத்துக்கு நேரில் போனால், "இது ஆன்லைன் கேஸ், இங்கே எடுக்க மாட்டோம்" என்றார்கள். அரை நாள் லீவு அதோடு போயிற்று. இதற்குள் பிறந்தநாள் தாண்டிவிட்டது.

நான் பார்த்த நிறுவனங்கள் எல்லாம் கடைசியாக முடிந்த பிறந்தநாளைத்தான் வயதாக எடுத்துக்கொள்கின்றன. விண்ணப்பித்த நாளில் எனக்கு 38. அப்போது 1 கோடிக்கு, 65 வயது வரை, ஆண்டுக்கு 21,400 ரூபாய் என்று திரை காட்டியது. பிறந்தநாளுக்கு மறுநாள் அதே பாலிசி 23,000. பாலிசி ஓடும் 26 வருடமும் இந்த 1,600 ரூபாய் கூடவே வரும். மொத்தம் 41,600 ரூபாய். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வீட்டுக் கடன் பாக்கி 32 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 35,000 வீதம், சின்னவள் படிப்பு முடியும் வரை 15 வருடத்துக்கு 63 லட்சம். இரண்டும் சேர்ந்து 95 லட்சம், அதனால் 1 கோடி. முதலில் 50 லட்சம் போதும் என்று நினைத்து விலை பார்த்தபோது சுமார் 13,000 காட்டியது. தொகை பாதியானாலும் பிரீமியம் பாதியாகவில்லை. மருத்துவப் பரிசோதனை, பாலிசி வழங்கும் செலவு எல்லாம் சின்னத் தொகைக்கும் ஏறக்குறைய அதேதான். இப்போது 50, அப்புறம் இன்னொரு 50 என்று பிரித்து எடுக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டாவது 50-க்கு வயதும் ஏறியிருக்கும்.

ஒப்பிடும் பக்கத்தில் நான் முதல் நாள் ஏமாந்தது வேறு இடத்தில். ஒரு நிறுவனம் 60 வயது வரைக்குமான விலையையும், இன்னொன்று 75 வரைக்குமான விலையையும் காட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து, முதலாவது மலிவு என்று எழுதி வைத்திருந்தேன். முடியும் வயதை எல்லாவற்றிலும் 65 என்று மாற்றியதும் வரிசையே தலைகீழானது. பழைய வீடியோக்களில் சொல்லும் விலையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முந்தைய கணக்குகளில் 18 சதவீதம் சேர்ந்திருக்கலாம்.

கிளைம் விகிதத்துக்கு வருகிறேன். 98, 99 என்று எல்லோரும் விளம்பரத்தில் போடுவது, வந்த நூறு கிளைமில் எத்தனைக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கைக் கணக்கு. டேர்ம் மட்டும் இல்லாமல் எண்டோமென்ட், யூலிப் போன்ற சேமிப்பு, முதலீட்டுப் பாலிசிகள் எல்லாவற்றின் இறப்புக் கிளைமும் அதில் சேரும். அவற்றில் பெரும்பாலும் சின்னத் தொகைகள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் ஆண்டறிக்கையில் தொகைக் கணக்கும் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்: ஒரு நிறுவனத்துக்கு 10,000 கிளைம், மொத்தம் 600 கோடி வந்ததாக வையுங்கள். அதில் 100 கிளைமை நிராகரித்தால் விகிதம் 99 சதவீதம். அந்த நூறின் தொகை 24 கோடி என்றால், தொகைக் கணக்கில் 96 சதவீதம்தான். சராசரிக் கிளைம் 6 லட்சம், நிராகரித்ததின் சராசரி 24 லட்சம். அதாவது பெரிய தொகைகள்தான் அதிகம் அடிபட்டிருக்கின்றன. 1 கோடிக்கு எடுக்கும் எனக்கு அந்த 96-தான் முக்கியம். இரண்டு எண்ணும் நெருக்கமாக இருக்கும் மூன்று நிறுவனங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்ததும் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 வந்தது, இயல்பைவிடக் கொஞ்சம் அதிகம். எனக்கே அது புதுச் செய்தி. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: இந்தச் சர்க்கரைக்காக 25 சதவீதம் லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், ஆண்டுக்கு 28,750, சம்மதமா? 21,400-ல் தொடங்கியது இங்கே வந்து நின்றபோது மனசு விட்டுப்போனது.

தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "அதை விடுங்க சார், வேற கம்பெனில போடுங்க, இதைச் சொல்ல வேண்டாம்" என்றார். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். வேறு நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை மறுத்ததா, ஒத்திவைத்ததா, கூடுதல் பிரீமியம் கேட்டதா என்று விண்ணப்பத்திலேயே கேள்வி இருக்கிறது. பொய்யாக "இல்லை" என்று எழுதினால், கிளைம் வரும்போது நிறுவனத்தின் கையில் அதுதான் ஆயுதம். காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் முடிந்தபின் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் எனக்கு ஏதாவது ஆனால், என் மனைவிதான் அந்த அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும்.

லோடிங் கடிதத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று எழுதினேன். பரிசோதனைச் செலவைக் கழித்துக்கொண்டு பணம் திரும்பியது. ரத்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது பிறகு மிகவும் உதவியது. என் பட்டியலில் இரண்டாவதாக இருந்த நிறுவனத்தின் திரை விலை 24,500, முதலாவதைவிட 1,500 அதிகம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அங்கே "ஆம், கூடுதல் கேட்டார்கள்" என்று எழுதி, கடிதத்தையும் அறிக்கையையும் சேர்த்தே அனுப்பினேன். அவர்கள் மறுபடி பரிசோதித்தார்கள், அதே 6.1. லோடிங் இல்லாமல் 24,500-க்கே கொடுத்தார்கள்! சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம் இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில் பார்க்கிறது. திரையில் அதிக விலையாக இருந்தது, கையில் வரும்போது 4,250 ரூபாய் மலிவு.

பாலிசியோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் பலன்தான் ரைடர். அதில் ஒன்றுதான் எடுத்தேன், பிரீமியம் தள்ளுபடி. நிரந்தர ஊனமோ குறிப்பிட்ட பெருநோயோ வந்தால் மீதித் தவணைகளைக் கட்ட வேண்டாம். ஆண்டுக்கு 700 ரூபாய்தான். தீவிர நோய் ரைடரை விட்டுவிட்டேன். எனக்குக் காட்டியதில், நோய்க்கு 20 லட்சம் கொடுத்தால் அது 1 கோடியிலிருந்து கழிந்து 80 லட்சமாகிவிடும். இது கூடுதல் தொகையா, உள்ளிருந்து கழிவதா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு போனில் சொன்னதும் பிரசுரத்தில் இருந்ததும் ஒன்றாக இல்லை. விபத்து ரைடரையும் எடுக்கவில்லை. விபத்தில் இறந்தாலும் அடிப்படைத் தொகை வரத்தான் செய்யும். ரைடர் தருவது அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகைதான்.

பாலிசி வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு, பிடிக்காவிட்டால் திருப்பலாம். அந்த வாரமே விண்ணப்ப நகலை வரி வரியாகப் படித்தேன். புகையிலைக் கேள்விக்கும் பழைய லோடிங் கேள்விக்கும் நான் எழுதியதே பதிவாகியிருந்தது. நாமினி பகுதியில் மனைவியின் பெயரில் மட்டும் இனிஷியலை விட்டுவிட்டிருந்தார்கள். அன்றே எழுதி, மூன்றாம் நாள் திருத்திய பத்திரத்தை வாங்கிவிட்டேன்.