புது மானிட்டரா? முதலில் கறுப்புத் திரையைப் பாருங்கள்

புது மானிட்டர் வாங்கினால் ரிட்டர்ன் காலம் முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டி இருக்கிறதே என்று இருந்துவிடவும் வேண்டாம். திரையில் ஒளிராமல் போன புள்ளிதான் டெட் பிக்சல்; ஒன்றிரண்டு இருந்தால் அதைப் பழுதாகவே கணக்கில் எடுக்காத வாரண்டிகள் நிறைய உண்டு.

திரையைத் துடைத்துவிட்டு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே நிறப் படங்களை முழுத்திரையில் ஓட்டுங்கள். எல்லா நிறத்திலும் கறுப்பாகவே நிற்கும் புள்ளி டெட் பிக்சல். கறுப்புத் திரையில் சிவப்பாகவோ பச்சையாகவோ எரிந்துகொண்டே இருந்தால் அது ஸ்டக் பிக்சல். இது சில சமயம் தானாகவே சரியாகும், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சம் ஓரங்களில் கசிவதுதான் பேக்லைட் கசிவு. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அறையை இருட்டாக்கி, வழக்கமாக வைக்கும் பிரைட்னஸிலேயே கறுப்புத் திரையைப் பாருங்கள். கீழ் மூலையில் வெளிச்சம் படர்ந்திருக்கிறதா? சற்றுப் பின்னால் போய், அந்த மூலைக்கு நேராக நின்று பாருங்கள். மங்கினால் அது ஐபிஎஸ் வகைத் திரைகளில் தெரியும் ஐபிஎஸ் குளோ. பேனலின் இயல்பு அது, மாற்றி வாங்கினாலும் அடுத்ததிலும் இருக்கும். எங்கே நின்றாலும் அதே இடத்தில், அதே அளவில் தெரிந்தால் அதுதான் கசிவு. பெரும்பாலும் ஓரத்தில் பேனல் அழுந்தி இருப்பதால் வருவது.

போட்டோ எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் குறையுங்கள். போன் கேமரா இருட்டில் சின்னக் கசிவையும் பூதாகரமாகக் காட்டும், அப்புறம் கடைக்காரர் அதையே காரணம் காட்டி மறுப்பார். கண்ணுக்குத் தெரிகிற அளவில் படம் எடுத்து, ஆர்டர் எண்ணோடு அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.