விளக்கு எரிந்தால் போதுமா? புகை விசிறிக்கு ஓடும் தீத்தாங்கு கேபிள்

தீத்தாங்கு கேபிளின் சான்றிதழைக் கையில் வாங்கியதும் பலரும் முதலில் பார்ப்பது இரண்டே எண்கள்தான்: எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். ஐ.இ.சி. 60331-1 என்றால் 830 டிகிரியில் சுடர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சட்டத்தின் மேல் ஓர் அடி, 120 நிமிடம் வரை. இவ்வளவு தாங்கியதே, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். அந்தச் சோதனையில் கேபிளின் மறுமுனையில் தொங்குவது என்ன என்று பார்த்தால் கதை மாறும். அங்கே இருப்பது கால் ஆம்பியர் இழுக்கும் ஒரு விளக்கு. இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் போகாமலும் விளக்கு அணையாமலும் இருந்தால் கேபிள் தேறிவிட்டது. அதாவது, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அறுந்துபோகவில்லை என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. அதே கேபிள் வழியாக 28 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஒன்று தீயின் நடுவே கிளம்புமா என்ற கேள்வியை அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

(பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே தீர்த்துவிடலாம். எஃப்.ஆர்.எல்.எஸ். என்று உறையில் அச்சிட்ட கேபிள் தீயைப் பரப்பாது, புகையைக் குறைவாகக் கக்கும், அவ்வளவுதான். தீயில் அது வேலை செய்யாது. வேலை செய்யவேண்டியது எஃப்.எஸ்., அதாவது ஃபயர் சர்வைவல் வகை. கொள்முதல் பட்டியலில் இரண்டெழுத்து மாறி வருவது அரிதல்ல.)

கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் ஒரு புகை வெளியேற்றும் விசிறியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 15 கிலோவாட், 400 வோல்ட், மும்முனை, முழுச்சுமையில் 28 ஆம்பியர், நேரடி ஸ்டார்ட்டர். பேனலிலிருந்து விசிறிவரை 100 மீட்டர். அதில் 40 மீட்டர், விசிறி புகை இழுக்கும் அதே பகுதியின் கூரையடியில் ஓடுகிறது. வழக்கமான கணக்குப்படி 6 சதுர மி.மீ. செப்புக் கேபிள் போதும்: 90 டிகிரியில் ஓடும் கம்பிக்கு வோல்டேஜ் டிராப் சுமார் 16 வோல்ட், அதாவது 4 சதவீதம். வரைபடத்தில் யாரும் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார்கள்.

இப்போது தீயைச் சேர்ப்போம். கட்டடப் பகுதிகளின் தீத்தாங்கு நேரத்தை அளக்கும் நிலையான உலை வளைவு 120 நிமிடத்தில் 1049 டிகிரியைத் தொடும். செம்பு உருகுவது 1085 டிகிரியில். உருகாது, ஆனால் அதன் மின்தடை 20 டிகிரியில் இருந்ததைப்போல் ஐந்து மடங்காகிவிடும். நேர்கோட்டுக் கணக்கில் 5.04, நிஜத்தில் அதைவிடச் சற்றுக் கூட. 6 சதுர மி.மீ. கம்பிக்கு கிலோமீட்டருக்கு 3.08 ஓம். தீயில் கிடக்கும் 40 மீட்டர் மட்டும் 0.62 ஓம் ஆகிறது. வெளியே உள்ள 60 மீட்டர் 0.24 ஓம். சேர்த்தால் 0.86 ஓம். மொத்த நீளத்தில் பாதிகூட இல்லாத துண்டு, தடையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் விசிறிக்கு இது 9 சதவீதம் டிராப். மோட்டார் சூடாகும், ஆனாலும் ஓடும். சிக்கல் கிளம்பும்போதுதான். நின்ற நிலையில் ஆறு மடங்கு மின்னோட்டம், பவர் ஃபாக்டர் 0.35 என்று கொண்டால், மோட்டார் முனையில் 74 சதவீத வோல்டேஜ்தான் எஞ்சும். முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அது 54 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஸ்டார்ட்டரும் விசிறியின் பக்கத்திலேயே இருந்தால் இன்னொரு தொல்லை. கான்டாக்டர் சுருளுக்கு முதலில் முழு வோல்டேஜ் கிடைக்கும், இழுத்துப் பிடிக்கும். மோட்டார் மின்னோட்டம் பாய்ந்ததும் வோல்டேஜ் சரியும், சுருள் விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி பிடிக்கும். இந்தப் படபடப்பில் கான்டாக்டரின் முனைகள் சில நொடிகளில் ஒட்டிப்போகலாம்.

“தீ பிடித்ததுமே விசிறி ஓட ஆரம்பித்துவிடும், அப்போது கேபிள் குளிர்ச்சியாகத்தானே இருக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. முதல் ஸ்டார்ட் குளிர்ந்த கேபிளில்தான். ஆனால் தீயின் நடுவில் பொது மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏற்கும்போது இரண்டாவது ஸ்டார்ட் வரும். தீயணைப்பு வீரர்கள் விசிறியை நிறுத்தித் திரும்ப ஓட்டும்போது மூன்றாவது. இவை இரண்டும் சுட்ட கேபிளில் நடப்பவை. கணக்கு இவற்றுக்காகத்தான்.

தீர்வு இரண்டு வழியில் வரும். ஒன்று, கம்பியைப் பெரிதாக்குவது. 10 சதுர மி.மீ. போட்டால் தீயில் ஓடும்போது டிராப் 5 சதவீதம், கிளம்பும்போது மோட்டார் முனையில் 84 சதவீதம் வோல்டேஜ், முறுக்குவிசை 71 சதவீதம். மையவிலக்கு விசிறியோ அச்சு விசிறியோ, ஆரம்ப எதிர்ப்பு குறைவு என்பதால் இது பெரும்பாலும் போதும். ஆனாலும் விசிறியின் முறுக்குவிசை வளைவோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். மற்றது, பாதையை மாற்றுவது. தீப் பகுதிக்குள் ஓடும் 40 மீட்டரை 15 ஆகக் குறைத்து மீதியைத் தீத்தடுப்புச் சுவருள்ள ஷாஃப்ட்டுக்குள் கொண்டுபோனால், மொத்த நீளம் அதே 100 மீட்டராக இருந்தாலும் பழைய 6 சதுர மி.மீ. கேபிளே 82 சதவீத வோல்டேஜைத் தரும். ஏறக்குறைய ஒரு சைஸ் ஏற்றியதற்கு ஈடு. இரண்டில் பாதை மாற்றமே நல்லது. கணக்கு மட்டுமல்ல, தாங்கிகளின் எண்ணிக்கையும் அதோடு குறைகிறது. தீக்குள் இருக்கும் ஒவ்வொரு தாங்கியும் இடறக்கூடிய ஓர் இடம். எதைச் செய்தாலும் ஸ்டார்ட்டரை பேனல் பக்கத்தில், தீக்கு வெளியே வையுங்கள்.

சரி, தாங்கிகளுக்கு வருவோம். தீத்தாங்கு கேபிளில் பிளாஸ்டிக் முழுவதும் எரிந்த பிறகு கம்பியைச் சுற்றி மிஞ்சுவது மைக்கா டேப். கண்ணாடி இழையில் ஒட்டிய அந்த அடுக்கு, பசை போனபிறகு மடித்தால் உதிரும். அது அசையாமல் இருக்கும்வரை மின்காப்பு உண்டு. அசைந்தால் இல்லை. தாங்கி இடைவெளி என்பதே இந்த அசைவை அடக்கும் கணக்குதான்.

செம்பு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும்போது நீளம் ஏறக்குறைய 1.8 சதவீதம் கூடும். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் பிடிபட்ட கேபிளுக்கு அந்தக் கூடுதல் நீளம் போக இடமில்லை, கீழே வளையும். 300 மி.மீ. இடைவெளியில் அந்தத் தொய்வு சுமார் 25 மி.மீ. இடைவெளி 900 ஆனால் 74 மி.மீ. மிருதுவான செம்பு தன் எடையில் இழுபடுவது இதற்கு மேல். தொய்வு கூடும்போது கேபிள் நடுவில் உடைவதில்லை. கிளிப்பின் விளிம்பில் உடைகிறது. உலைச் சோதனைக்குப் பின் கேபிளை இறக்கிப் பார்த்தால் கருகிய மைக்கா விளிம்பருகே செதிலாக உரிந்திருக்கும். அந்த இடத்தில்தான் கம்பிகள் ஒன்றையொன்று தொடும். ஆகவே கிளிப்பின் விளிம்பு உருண்டையாக மடிக்கப்பட்டிருக்கிறதா, கூராக வெட்டி விடப்பட்டிருக்கிறதா என்பது அற்ப விஷயமல்ல.

ஜெர்மனியின் டி.ஐ.என். 4102-12 கேபிளையும் தாங்கியையும் சேர்த்தே உலையில் வைத்துச் சோதிக்கும் முறை. ஈ30, ஈ60, ஈ90 என்ற வகுப்புகள் அதிலிருந்து வந்தவை. அதன் நிலையான தாங்கி அமைப்புகள் நல்ல அளவுகோல்: தனிக் கிளிப்பில் கூரையடியில் 300 மி.மீ., கேபிளுக்கு அடியில் நீளத் தகடு வைத்த கிளிப்பில் 600 மி.மீ., டிரே என்றாலும் லேடர் என்றாலும் 1.2 மீட்டர். டிரேயில் மீட்டருக்கு 10 கிலோ, லேடரில் 20 கிலோ. செங்குத்தாக ஏறும் இடத்தில் 3.5 மீட்டருக்குள் ஒரு முறை எடையை உண்மையாகவே ஏந்தும் தாங்கி வேண்டும். சாதாரண கேபிள் வேலையில் லேடருக்கு 2 முதல் 3 மீட்டர் இடைவெளி விடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அதே ஆள், அதே லேடர் என்றால் அதே இடைவெளிதான் வரும்.

ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதை தொங்கும் திரெட் ராடில் காணலாம். 90 நிமிடத் தீக்கு எஃகு ராடில் அனுமதிக்கும் இழுவிசை சதுர மி.மீ.க்கு வெறும் 6 நியூட்டன். எம்8 ராடின் பயன்படும் பரப்பு 36.6 சதுர மி.மீ. ஆக, அது தாங்கக்கூடியது 220 நியூட்டன், அதாவது சுமார் 22 கிலோ. இதே ராட் குளிர்ச்சியில் நாற்பது மடங்கு தாங்கும். அதனால்தான் தளத்தில் ஆள் தொங்கிப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று சொல்வதில் பொருளில்லை. லேடரில் மீட்டருக்குக் கேபிள் 20 கிலோ, லேடரும் குறுக்குச் சட்டமும் 6 கிலோ, சட்டத்தின் இருபுறமும் ஒவ்வொரு ராட் என்று வைத்தால் 1.2 மீட்டர் இடைவெளியில் ஒரு ராடுக்கு 153 நியூட்டன். பரவாயில்லை. இடைவெளியை 2.4 ஆக்கினால் 306. எம்8-இன் வரம்பைத் தாண்டிவிடும். எம்10 போட்டால் 348 வரை தாங்கும், ஆனால் ராட் பிழைத்தாலும் நடுவில் லேடர் தொய்ந்து கேபிளின் மைக்காவை உடைத்துவிடும். பெரிய ராட் நீண்ட இடைவெளிக்கு அனுமதிச் சீட்டு அல்ல.

ஆங்கர் போல்ட் இன்னொரு இடம். பிளாஸ்டிக் பிளக் சில நிமிடங்களில் இளகிவிடும், கிளிப் முழுவதுமாகக் கழன்று விழும். எஃகு ஆங்கராக, தீச் சோதனை மதிப்பு உள்ளதாக, சொல்லப்பட்ட ஆழத்தில் இருக்கவேண்டும்; தீயில் கான்கிரீட்டின் மேற்பரப்பு செதிலாக உதிரும்போது ஆழம் குறைந்த ஆங்கர் அதோடு சேர்ந்தே வந்துவிடும். அலுமினியம் டிரே 660 டிகிரியில் உருகுவதால் பேச்சே இல்லை. பிளாஸ்டிக் கட்டுக் கயிறு ஒன்றிரண்டு இருந்தால்கூட, அவை போனதும் செங்குத்தான கேபிள் தன் எடையில் சறுக்கி, திருப்பத்தில் மடிந்துபோகும்.

தளத்தில் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மூன்று மீட்டர் நீளத்தில் கிளிப்புகளை எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் 300 மி.மீ. விதி மீறப்பட்டிருக்கிறது. திருப்பத்தின் இருபுறமும் கிளிப் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் விடுபடுவது அங்கேதான். கேபிளுக்கு மேலே என்ன ஓடுகிறது என்றும் நிமிர்ந்து பாருங்கள்: தீத்தாங்காத குழாய், காற்றுக் குழல், வேறு லேடர் எதுவானாலும் அது விழும்போது நம் கேபிள் மேல்தான் விழும். இந்த ஆய்வு மறைகூரை அடைக்கும் முன்பே நடக்கவேண்டும். சான்றிதழில் இருக்கும் கேபிளும் கிளிப்பும் ஆங்கரும் உள்ளபடியே தளத்திலும் இருக்கிறதா என்று பெயர் பெயராக ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனக் கேபிளுக்கு வாங்கிய அமைப்புச் சான்றிதழ் இன்னொரு கிளிப்புக்குச் செல்லாது.

கடைசியாக முனைகள். விசிறி அருகே உள்ள ஐசொலேட்டர், பிளாஸ்டிக் பெட்டியில், சாதாரண முனைக்கட்டையோடு வந்திருந்தால் அதற்கு முன்னால் செய்த எல்லாக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள் முடிந்துவிடும். எஃகுப் பெட்டியும் பீங்கான் முனைக்கட்டையும் கேளுங்கள், அல்லது அந்தப் பெட்டியைத் தீக்கு வெளியே நகர்த்துங்கள். நடுவழி இணைப்பு வேண்டவே வேண்டாம். 100 மீட்டரையும் ஒரே துண்டாக எடுக்க முடியாவிட்டால், இணைப்பு ஷாஃப்ட்டுக்குள் வரும்படி டிரம் நீளத்தைத் திட்டமிட்டு ஆர்டர் கொடுங்கள்.