நான்காம் எழுத்தில் பிறந்த மேயர்

சீன மொழியில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமில்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். 1968-இல் திறக்கப்பட்ட ஒரு பாலத்தைக் குறிக்கும் 南京市长江大桥 என்ற ஏழு எழுத்துகளை மூன்றாம் எழுத்துக்குப் பின் பிரித்தால், ‘நான்ஜிங் நகரத்து யாங்சி ஆற்றுப் பெரும்பாலம்’ என்று சரியாக வரும். நான்காம் எழுத்துக்குப் பின் பிரித்தாலோ, ‘நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ்’ என்று இல்லாத மனிதர் ஒருவர் மொழிபெயர்ப்பில் பிறந்துவிடுகிறார். ஜியாங் உண்மையிலேயே ஒரு குடும்பப் பெயர் என்பதால் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. வாய்விட்டுப் படிப்பதைக் கேட்பவருக்கு இந்தக் குழப்பம் இல்லை: அந்த நான்காம் எழுத்து ஆற்றின் சீனப் பெயரில் ‘சாங்’ என்றும், மேயரைக் குறிக்கும் சொல்லில் ‘ஜாங்’ என்றும் ஒலிக்கும். ஐயம் வந்தால் நான் பின்னால் வரும் வினையைப் பார்ப்பேன். ‘திறக்கப்பட்டது’ என்றிருந்தால் பாலம், ‘உரையாற்றினார்’ என்றிருந்தால் மேயர்.